போனில் எடுத்ததை எதில் வெட்டுவது?

"முதல் வீடியோ, 10 நிமிட நேர்காணல். போனில்தான் எடுத்தேன், குரல் தனி ரெக்கார்டரில். இலவச போன் ஆப் போதுமா, லேப்டாப்பில் டாவின்சி ரிசால்வ் போடணுமா?"

குரல் தனிக் கோப்பாக இருப்பதால் ரிசால்வ் பக்கம் போங்கள். ஒலி அலைவடிவத்தைப் பெரிதாக்கி உதட்டோடு பொருத்துவது சின்னத் திரையில் விரல் வலிக்கிற வேலை. குரலும் போனிலேயே பதிவாகியிருந்தால் ஆப்பே போதும் என்றிருப்பேன். லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 8 ஜிபியில் திணறும்.

ஆனால் போன் கோப்பை அப்படியே உள்ளே இழுக்காதீர்கள். போன் எப்போதும் ஒரே ஃபிரேம் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஒரே எண்ணிக்கையில் படங்களாக, எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் தானாகவே வேகத்தைக் குறைக்கும். போன் ஆப்கள் இதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும், ரிசால்வ் தடுமாறும். சராசரியாக வினாடிக்கு 29.97 ஃபிரேம் வந்த கோப்பை 30 என்று எடுத்துக்கொண்டால், 10 நிமிட முடிவில் 0.6 வினாடி விலகல். தொடக்கத்தில் உதடும் குரலும் கச்சிதமாக இருந்து, போகப்போக விலகினால் காரணம் இதுதான். முதலிலிருந்தே ஒரே அளவு தள்ளியிருந்தால் நீங்கள் பொருத்தியதில்தான் பிழை. குரலை நகர்த்தினால் சரியாகிவிடும்.

முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றும் மென்பொருளில் கோப்பைத் திறந்து, Video பகுதியில் 30-ஐயும் Constant Framerate-ஐயும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். ரிசால்விலும் புராஜெக்ட் வேகத்தை 30 என்று வைத்த பிறகே கோப்புகளைச் சேருங்கள், சேர்த்த பின் அதை மாற்ற விடாது.