முப்பதாயிரம் என்று சொன்னது யார்?

ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலத்தில் நடந்த கல்யாணப் பேச்சுவார்த்தையைப் பற்றி இங்கே பலருக்கும் தெரியும் என்பதால் நான் அதை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. என் அக்கா மகனின் சம்பளச் சீட்டை நால்வர் முன்னிலையில் கையில் வாங்கி, "முப்பது என்றீர்கள், இங்கே இருபத்து மூன்றுதானே இருக்கிறது, மீதி எங்கே போகிறது?" என்று கேட்ட அந்தப் பெரியவருக்கு, அன்று தாய்மாமனாகிய நான் மரியாதை கருதிப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முப்பதாயிரம் என்று சொன்னது நாங்கள் அல்ல, ஓசூரில் அவன் வேலை செய்யும் நிறுவனம். நியமனக் கடிதத்தில் ஆண்டுக்கு 3,60,000 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சி.டி.சி. என்ற மூன்றெழுத்தும் இருக்கிறது. அவனுக்குச் சம்பளம் இவ்வளவு என்பதல்ல அதன் பொருள், அவனை வேலைக்கு வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு இவ்வளவு என்பதுதான்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 30,000. இதில் அடிப்படை ஊதியம் 15,000. அதற்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், முதலாளி தன் பங்காகக் கட்ட வேண்டிய வருங்கால வைப்பு நிதி. அதை நிர்வகிக்கும் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து ஒரு சதவீதம், 150 ரூபாய். வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடைக்கு என்று 4.81 சதவீதம், 721 ரூபாய். ஆண்டு முடிவில் வேலையைப் பார்த்துத் தருவதாகச் சொல்லும் ஊக்கத்தொகை மாதக் கணக்கில் 2,000. இந்த நான்கையும் கழித்தால் 25,329. இதுதான் சீட்டின் தலையில் இருக்கும் மொத்தச் சம்பளம். இதிலிருந்து அவன் பங்கு வைப்பு நிதி 1,800 போனால் வங்கிக்கு வருவது 23,529. தொழில் வரி பிடிக்கும் மாதத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். ஒரு ரூபாய்கூடப் பையன் மறைக்கவில்லை, ஐயா.

"வைப்பு நிதி அவன் பணம்தானே, பின்னால் வரப்போகிறதுதானே" என்று சொல்வீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அவனுடைய பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். முதலாளி பங்கான 1,800இல் 550 மட்டுமே வைப்பு நிதியில் ஏறியிருக்கும், 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போயிருக்கும். அதுவும் அவனுக்காகத்தான் என்றாலும், இந்த மாத வாடகைக்கு உதவாத பணத்தை இந்த மாதச் சம்பளம் என்று எப்படிச் சொல்வது?

முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று 1952ஆம் ஆண்டின் வைப்பு நிதித் திட்டம் 31ஆம் பத்தியில் சொல்கிறது. "பிடிக்கவில்லையே, சம்பளத்தில் சேர்க்கவே இல்லையே, செலவாகத்தானே காட்டினோம்" என்பது நிறுவனங்களின் பதில். கெட்டிக்காரப் பதில்தான். அப்படியானால் ஆள் எடுக்கும்போது மட்டும் அந்தச் செலவை ஏன் சம்பளம் போலப் பேசுகிறார்கள்?

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது பணிக்கொடைதான். நிரந்தரப் பணியாளர் பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தால்தான் அது கைக்கு வரும். நானும் ஓசூரில் ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டு எட்டு மாதம் இருந்தேன். மாதந்தோறும் என் சி.டி.சி.யில் பணிக்கொடை ஏறிக்கொண்டே இருந்தது. விலகியபோது அந்தக் கணக்கில் எனக்குக் கிடைத்தது பூஜ்யம். எனக்கு வராத பணம் என் பெயரில் எத்தனை கூட்டங்களில் சம்பளமாகப் பேசப்பட்டிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

முதல் மாதச் சம்பளத்தை அப்பா கையில் கொடுத்தது நினைவிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து இரண்டு முறை எண்ணினார். கடிதத்தில் இருந்த தொகையை அவர் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் ஒரு வாரம் என்னுடன் பேசவும் இல்லை. நான் எங்கேயோ செலவழித்துவிட்டேன் என்றே நினைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் கண்முன் வந்தது.

"கடிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கலாமே" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாலு பக்கத்தின் கடைசியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் அச்சிட்ட இணைப்பை இருபத்திரண்டு வயதில் படித்துப் புரிந்துகொண்டவர்கள் இருந்தால் வணங்குகிறேன். நான் அவர்களில் ஒருவன் அல்ல.

அந்தப் பெரியவரின் மகனும் ஓசூரில்தான் வேலை பார்க்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனுக்கு மாதம் நாற்பது என்று அன்று அவரே பெருமையாகச் சொன்னார். அவனுடைய சீட்டையும் எடுத்து வரட்டும். அதே நால்வர் முன்னிலையில் நானும் வரி வரியாகப் படித்துக் காட்டுகிறேன்.