தொட்டி நிறைந்ததால்தான் நாற்றமா?

குளியலறை நாற்றத்துக்கு இங்கே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஓர் அண்ணன் சொன்னது: “குளியலறையில் சாக்கடை நாற்றமா? செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது. லாரியைக் கூப்பிட்டு எடுத்துவிடுங்கள்.”

அண்ணே, தொட்டி நிறைந்திருந்தால் தண்ணீர் இறங்கத் தயங்கும், கழிப்பறைக் கோப்பையில் குமிழி வரும். வெறும் நாற்றத்துக்கு லாரி வேண்டாம். கானாடுகாத்தானில் எங்கள் பெரியப்பா வீட்டைத் திருவிழாவுக்குத்தான் திறப்போம். சென்ற முறை பின்கட்டுக் குளியலறையில் நிற்க முடியவில்லை. வடிகால் ஜாலியைத் தூக்கி டார்ச் அடித்தேன். சாக்கடைக் காற்றைத் தடுக்க, டிராப் என்ற குழாய் வளைவில் இரண்டு அங்குலம் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றி, அடியில் காய்ந்த சோப்புப் படிவுதான் இருந்தது. ஒரு வாளி ஊற்றிக் கதவைத் திறந்து வைத்தேன். அரை மணியில் அடங்கியது. பூட்டும்போது இரண்டு கரண்டி எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதமாகும்.

பினாயில் ஊற்றச் சொன்ன ஆச்சி பாதி சரி. வேலை செய்தது பினாயில் அல்ல, அதோடு ஊற்றிய தண்ணீர்.

க்ளோசெட் ஆடுகிறது என்றவருடையது வேறு கதை. ஃப்ளஷ் செய்ததும் அடியில் ஈரம் கசிந்தால் சீல் போய்விட்டது. வெள்ளை சிமெண்ட் பூசி மறைக்காமல் க்ளோசெட்டைக் கழற்றிப் புது சீல் போடுங்கள்.

டிராப்பில் தண்ணீர் நிற்கும்போதே, க்ளோசெட்டும் ஆடாமல் நாற்றம் வந்தால், சாக்கடைக் காற்றை மேலே வெளியேற்றும் வென்ட் குழாயில் விரிசலைத் தேடுங்கள். எங்கள் மாடியில் காற்றடிக்கும் நாளில் மட்டும் வருகிறது. விரிசல் எங்கே என்று இன்னும் அகப்படவில்லை.