விழுந்ததை நம்மிடம் ஏன் சொல்வதில்லை?

பெற்றவர்களைத் தனியே விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களின் குற்ற உணர்ச்சியைப் பற்றி வாயைத் திறந்தாலே இரண்டு கூட்டம் வந்துவிடும். ஒரு கூட்டம் ஏசும், இன்னொரு கூட்டம் தேற்றும். எனக்கு இரண்டிலும் ஆர்வமில்லை. நான் சொல்ல வருவது வேறு. நம் குற்ற உணர்ச்சியைத் தாங்க முடியாமல்தான் அவர்கள் நம்மிடம் பொய் சொல்ல ஆரம்பிக்கிறார்கள், அந்தப் பொய்தான் கடைசியில் அவர்களுக்கு ஆபத்தாக முடிகிறது.

என் நண்பன் ஒருவனின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. ஒரு நாள் ராத்திரி கழிவறைக்கு எழுந்தவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை, இடுப்பில் நல்ல அடி. இந்தச் செய்தி நண்பனுக்குச் சில வாரம் கழித்து, அம்மா வேறு ஏதோ பேசும்போது வாய் தவறித்தான் வந்தது. உடனே இவன் ஆடித் தீர்த்துவிட்டான். ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கத்தல், விளக்குப் போடாமல் ஏன் எழுந்தீர்கள் என்று அப்பாவிடம் கத்தல், அப்புறம் அழுகை, அப்புறம் "எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு இங்க வந்துடுங்க". அன்று இரவே கேமரா, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தான், ஊன்றுகோல் எல்லாம் ஆர்டர் போனது. விழுந்தவர் அப்பா, ஆனால் அன்றைக்கு அம்மா உட்கார்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது இவனுக்கு!

அடுத்த முறை விழுந்தபோது அவர்கள் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மூலம்தான் தெரிந்தது. நான் அம்மாவாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இவ்வளவு ரகளையிலும் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவர் ஏன் விழுந்தார்? "வயசாயிடுச்சு" என்பது பதில் இல்லை. உறவில் செவிலியராக இருக்கும் ஒரு அக்கா இரண்டாவது முறை விஷயம் தெரிந்ததும் வீடியோ காலில் வந்து, வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும், பழையது புதியது பார்க்காமல், மேசையில் கொட்டச் சொன்னார். அட்டையின் பின்பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டச் சொல்லி, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டே வந்தார். ரத்த அழுத்தத்துக்கான ஒரே மருந்து இரண்டு வேறு பெயர்களில் இருந்தது. இரண்டு டாக்டர்கள், ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது, அப்பா இரண்டையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருக்கிறார். அது போக, சிறுநீர் சரியாகப் போவதற்காகப் புராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை. அந்த வகையில் சிலவும் எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கிவிடும். ராத்திரி தூக்கத்துக்கு வேறு ஒன்று.

அக்கா அடுத்துச் செய்யச் சொன்னது ரொம்ப எளிது. ஐந்து நிமிடம் படுத்திருந்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பிறகு பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள எழுந்து நின்று, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 இறங்கினாலோ, எழும்போது அழுத்தம் சரிகிறது என்று அர்த்தம். இவருக்கு மேல் எண் படுத்திருக்கும்போது 138, நின்றதும் 112. ராத்திரி படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டாமல் என்ன செய்யும்? இந்தக் கணக்கையும் மருந்துப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனார்கள், அவர் மருந்தைக் குறைத்து நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார். (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் தாமாக மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், அது வேறு வம்பு.) வாங்கி அனுப்பிய கேமரா அப்போதும் பெட்டியைப் பிரிக்காமல்தான் இருந்தது. பிரித்து மாட்டியிருந்தாலும் அவர் விழுவதைப் படம்தான் பிடித்திருக்கும்.

குற்ற உணர்ச்சி நம்மை எதையாவது செய்ய வைக்கிறது, ஆனால் அது நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் பிடிவாதம் பிடிக்கிறது. மாத்திரை அட்டையைப் படிப்பதில் அந்தத் திருப்தி கிடைக்காது. மருத்துவமனைகளில் இது பழகிப்போன காட்சி. எல்லாம் முடிவான பிறகு தூரத்திலிருந்து வந்து இறங்கும் பிள்ளை, இத்தனை நாள் கூட இருந்து பார்த்தவர்களையும் டாக்டரையும் குறுக்கு விசாரணை செய்து, அதைச் செய், இதைச் செய் என்று அதட்டும். 1991-ல் வந்த ஒரு முதியோர் மருத்துவக் கட்டுரை இதற்கு 'கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மகள்' என்றே பெயர் வைத்துவிட்டது. கலிஃபோர்னியா டாக்டர்கள் அவளை நியூயார்க் மகள் என்கிறார்களாம், யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. பெயர் என்னவோ மகள்தான், நான் பார்த்ததில் மகன்கள்தான் அதிகம்.

சரி, போனில் என்னதான் செய்வது? "நல்லா இருக்கீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். அதை விடுங்கள். வீடியோவில் பேசும்போது "அப்பா, உள்ளே போய் அந்தக் கண்ணாடியை எடுத்துட்டு வாங்களேன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுவதைப் பாருங்கள். கையை ஊன்றாமல் எழுகிறாரா, எழுந்ததும் ஒரு கணம் நின்று தள்ளாடுகிறாரா, சுவரையும் நாற்காலி முதுகையும் தொட்டுத் தொட்டு நடக்கிறாரா? மருத்துவர்கள் இதையே ஒரு சோதனையாகச் செய்வார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். போன மாதம் நடந்ததற்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்பது நமக்கு இன்னும் முக்கியம். ஒரு முறை விழுந்தவர் பயத்தில் நடையைக் குறைப்பார், குறைத்தால் காலில் தசை போகும், அப்புறம் மறுபடி விழுவார்.

அவர்களாக வாயைத் திறந்து சொல்லும்போது உங்கள் முகம் மாறக்கூடாது. கஷ்டம்தான். நண்பன் இப்போது பழகிக்கொண்டிருக்கிறான். போன வாரம் அப்பாவே சொன்னாராம், "நேத்து ராத்திரி கொஞ்சம் தடுமாறிட்டேன்டா". இவன் கேட்டது ஒன்றே ஒன்று, "எழுந்த உடனேயாப்பா, இல்ல கொஞ்ச தூரம் நடந்த பிறகா?" அவர் யோசித்து, விவரமாகச் சொன்னார். அழுகையும் கோபமும் இல்லாமல் போய்விடவில்லை, அதெல்லாம் இப்போது மனைவியிடம். அங்கேதான் போக வேண்டும். எழுபத்தைந்து வயதுக்காரர் மேல் அதையும் ஏற்றிவைக்கக் கூடாது.

இவ்வளவு செய்தும் தூரத்திலிருந்து முடியாதது ஒன்று உண்டு. விழுந்து எழ முடியாமல் கிடப்பவரை நாம் தூக்க முடியாது. மணிக்கணக்கில் அப்படியே தரையில் கிடந்தால், எலும்பு முறியாவிட்டாலும் தசை சிதைந்து சிறுநீரகம் வரைக்கும் கெடும். அதனால் ஓடிப் போய்க் கதவைத் திறக்கக்கூடிய ஒருவரிடம் வீட்டுச் சாவி இருக்க வேண்டும். அவர் யார் என்பதை நாம் இங்கிருந்து முடிவு செய்யக் கூடாது, அப்பாவும் அம்மாவும்தான் சொல்ல வேண்டும். அவர் உங்களுக்குப் பிடிக்காத சித்தப்பாவாக இருந்தாலும் சரி, போன் போட்டு நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசி வையுங்கள்.