பேட்டரி விலை கேட்டால் பங்க் ஏஜென்டா?

நேற்று ஒருவர் எலெக்ட்ரிக் கார் வாங்கியதாகப் போட்ட பதிவுக்குக் கீழே நான் கேட்டது ஒரே கேள்விதான். "வாரண்டி முடிந்த பிறகு பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று ஷோரூமில் எழுதி வாங்கினீர்களா?" அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் 'பெட்ரோல் பங்க் ஏஜென்ட்'. நன்றி. என் வீட்டு வாசலில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் கார் பெட்ரோலில் ஓடுகிறது போல.

எலெக்ட்ரிக் கார் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பேட்டரி விலையைக் கணக்கில் சேர்த்து வாங்குங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

என் சித்தப்பா செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினார். 30 யூனிட் கரண்ட் பிடிக்கும் பேட்டரி. முதல் ஓனர் கால் டாக்சி போல ஓட்டியதில் 1.6 லட்சம் கிலோமீட்டர் எப்போதோ தாண்டிவிட்டது. வாரண்டி 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. விற்றவர் "8 வருஷம்" என்பதை மட்டும் சத்தமாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கார் பாலத்து ஏற்றத்தில் அப்படியே நின்றது. சர்வீஸ் சென்டரில் கொடுத்த எஸ்டிமேட்டை நானே பார்த்தேன். பேட்டரி பேக் 4,70,000. அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 84,600. ஆக 5,54,600, கூலி தனி. இதே பேட்டரி காரோடு சேர்ந்து வந்தால் வரி 5 சதவீதம்தான். தனியாக வாங்கினால் 18. இதை எந்த விளம்பரத்திலாவது பார்த்தீர்களா?

சரி, கணக்குக்கு வருவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15 என்றால் கிலோமீட்டருக்கு 6.70 ரூபாய். இந்தக் காருக்கு சார்ஜிங் இழப்பையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 1.36 ரூபாய். கிலோமீட்டருக்கு 5 ரூபாய் மிச்சம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 8 வருஷத்தில் 7.2 லட்சம் மிச்சமாகும். பேட்டரிக்குக் கொடுத்தாலும் கையில் ஏதோ நிற்கும். மாதம் 500 மட்டுமே ஓட்டுபவருக்கு மிச்சம் 2.4 லட்சம்தான். அவர் அடிக்கடி ஓட்டவில்லை என்பதற்காக பேட்டரிக்கு வயசாகாமல் இருக்காது. நம் ஊர் வெயிலில் சும்மா நின்றாலும் வயசாகும். மிச்சத்தை நம்பி வாங்குகிறவர் முதலில் தன் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

"8 வருஷம் முடிந்த மறுநாளே பேட்டரி செத்துவிடுமா?" சாகாது, ஒத்துக்கொள்கிறேன். 200 கிலோமீட்டர் போனது 150 போகும். ஆபீஸ் போய்வர அது தாராளம். ஆனால் பெரும்பாலான வாரண்டிகளில் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மாற்றித் தருவார்கள். 71 என்று காட்டினால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அதனால் வாரண்டி முடிய ஆறு மாதம் இருக்கும்போதே பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

"இப்போதெல்லாம் ஆயுள் வாரண்டியே தருகிறார்களே அண்ணே!" தருகிறார்கள். முதல் ஓனருக்கு. கை மாறினால் அது சுருங்கிவிடும். நீங்கள் விற்கும்போது வாங்க வருகிறவன் அதையும் கழித்துத்தான் விலை பேசுவான்.

"பேட்டரி விலை இறங்குகிறதே." இறங்குகிறது. 2024-இல் உலகச் சராசரி ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 115 டாலர், அதாவது 30 யூனிட் பேட்டரிக்கு சுமார் 3 லட்சம். அது கார் கம்பெனி மொத்தமாக வாங்கும் விலை. சித்தப்பாவிடம் கேட்டது எவ்வளவு? மேலே போய்ப் பாருங்கள்.

"பெட்ரோல் எஞ்சினும் ரிப்பேர் ஆகுமே." ஆகும். தெருமுனை மெக்கானிக் பிரிப்பார், பிஸ்டன் ரிங் மாற்றுவார், மூட்டுவார். இங்கே அதுதான் நடக்காது, எனக்கு வயிறு எரிவதும் அங்கேதான். பேட்டரி பேக் என்பது ஒரே கட்டி அல்ல. உள்ளே பல மாட்யூல், ஒவ்வொன்றிலும் பல செல். வரிசையில் ஒரு செல் பலவீனமானால் போதும், லோடு ஏறும்போது அதன் வோல்டேஜ் மட்டும் சரியும். மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் மொத்த வண்டியையும் நிறுத்திவிடும். பாலத்தில் நடந்தது அதுதான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு மாட்யூல் மட்டும் தனியாகத் தாழ்ந்து நின்றது. "அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்களேன் தம்பி" என்று சித்தப்பா எவ்வளவோ கேட்டார். "மாட்யூல் தனியாக வராது சார், பேக்தான்" என்று பதில்.

கார் விற்கும்போது சார்ஜர், மேட், பெர்ஃப்யூம் வரை தனித்தனியாக விலை சொல்லத் தெரிகிறது. மாட்யூலுக்கு மட்டும் விலை இல்லையாம். புக்கிங் ஃபாரத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டையும் கேளுங்கள்: பேக் என்ன விலை, மாட்யூல் தனியாகத் தருவீர்களா. வாயால் சொன்னால் போதாது, மெயிலில் வரட்டும். வராவிட்டால் காருக்கு அவர்கள் சொல்லும் விலையோடு ஐந்தரை லட்சத்தைக் கூட்டிப் பார்த்து, அப்போதும் பிடித்தால் வாங்குங்கள். என்னை ஏஜென்ட் என்று சொல்ல வருகிறவர்கள் அந்த மெயிலின் ஸ்கிரீன்ஷாட்டோடு வரவும்.