வர முடியாதவர்களின் வாழ்த்தில் மன்னிப்பு வேண்டாம்

அக்கா மகள் திருமணத்துக்கு வர முடியாத உறவினர்களிடமிருந்து வாழ்த்துகளை வாங்கித் தொகுக்கும் வேலை இந்த முறையும் என் தலையில்தான் விழுந்தது. வீட்டில் வீடியோ வெட்டி ஒட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அது என் விதி. ஆனால் இந்த முறை ஒன்றில் உறுதியாக இருந்தேன். போன தடவை செய்த தப்பைச் செய்யக் கூடாது.

போன தடவை என்பது சித்தப்பா மகனின் திருமணம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "வர முடியாதவர்கள் ஒரு வாழ்த்து வீடியோ அனுப்புங்கள்" என்று ஒரே வரி போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். 14 பேர் அனுப்பினார்கள். ஆளுக்குச் சராசரியாக இரண்டு நிமிடம், மொத்தம் 28 நிமிடம். மண்டபத்தில் திரையில் ஓடவிட்டோம். மூன்றாவது ஆள் பேசும்போதே சனங்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் சிரித்த முகத்தை இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது ஆளோடு நானே நிறுத்திவிட்டேன். மீதி நான்கு பேரும் "எங்க வீடியோ போட்டீங்களா?" என்று கேட்டபோது நான் சொன்ன பொய்களை இங்கே எழுத விரும்பவில்லை.

அப்புறம் ஒருநாள் அந்த 14 வீடியோவையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். நீளத்துக்குக் காரணம் பேசியவர்கள் வாயாடிகள் என்பதல்ல. ஏறக்குறைய எல்லாருமே ஒரே தடத்தில்தான் போயிருந்தார்கள். முதலில் ஏன் வர முடியவில்லை என்ற விளக்கம்: லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை, பையனுக்குப் பரீட்சை. அதற்கு ஒரு மன்னிப்பு. அடுத்து "விட்டுக்கொடுத்துப் போங்க" வகையறா அறிவுரை. கடைசியில் அவசரமாக ஒரு வாழ்த்து. விளக்கமும் மன்னிப்புமே பாதி நேரத்தைத் தின்றிருந்தன.

வர முடியாத குற்ற உணர்ச்சி அப்படி, கேமராவைப் பார்த்ததும் முதலில் அதுதான் வெளியே வரும். ஆனால் அந்த விளக்கம் ஏற்கெனவே போனில் சொல்லியாகிவிட்டது. மணமக்களுக்கும் தெரியும். நல்ல நாளில் அவர்கள் முன்னால் அதை மறுபடி சொன்னால், "பரவாயில்லை" என்று ஆறுதல் சொல்லும் வேலை அவர்கள் தலையில் விழுகிறது. அதனால் என் முதல் விதி இதுதான்: வாழ்த்தில் காரணமும் மன்னிப்பும் கூடாது. அதைத் தனியாகப் போனில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். குழுவில் முதலில் வந்த வீடியோவில் பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து "அன்புச் செல்வங்களே" என்று தொடங்கியிருந்தார். அடுத்த ஐந்து பேரும் அதே நாற்காலி, அதே தொனி. ஒருத்தர் மேடைப் பேச்சாகப் பேசினால் அடுத்தவரும் அப்படித்தான் பேச வேண்டும்போல என்று நினைத்துக்கொள்கிறார். பெரியப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை, குழுவில் கேட்டது என் தப்பு.

எனவே இந்த முறை குழுவில் ஒரு வார்த்தை போடவில்லை. 16 பேரிடமும் தனித்தனியாகப் போனில் பேசினேன். "வாழ்த்துச் சொல்லுங்க" என்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாருக்கும் எதுவும் தோன்றாது, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழச் சொல்வார்கள். பதிலாக ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டேன். மாமாவிடம், "அவளுக்கு நீங்கதானே சைக்கிள் கத்துக்கொடுத்தீங்க, அன்னைக்கு என்ன ஆச்சு?" வெளிநாட்டில் இருக்கும் அவளுடைய அண்ணியிடம், "முதல் தடவை பார்த்தப்போ உங்ககிட்ட என்ன கேட்டா?" அந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள், இரண்டு பேரையும் கூப்பிட்டுத் தொடங்குங்கள், ஒரு வாழ்த்தோடு முடியுங்கள், 20 விநாடி போதும் என்றேன்.

"இரண்டு பேரையும்" என்பதை அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்து உறவினர்கள் நம் பெண்ணைப் பார்த்தேதான் பேசுவார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், மொத்த வீடியோவிலும் அவர் பெயர் வராது. போன தடவை மாப்பிள்ளை நம் பையன் என்பதால் இது தலைகீழாக நடந்தது: அந்த வீடியோக்களில் மணமகளை அழைத்தவர்கள் 14 பேரில் நான்கே பேர்தான்.

20 விநாடி என்றதும் "அதுக்குள்ள என்னத்தச் சொல்றது?" என்றார்கள் எல்லாரும். சித்தி கதையைச் சொல்கிறேன்.

சித்திக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான் கேள்வி கேட்டும் பயனில்லாமல் போனது, முதல் பதிவே 3 நிமிடம் 40 விநாடி வந்தது. முதல் ஒன்றரை நிமிடம் முழங்கால்தான். டாக்டர் என்ன சொன்னார், எப்போது நடக்கலாம், இப்படி ஆகும் என்று நினைக்கவே இல்லை. பிறகு அழுகை. பிறகு வாழ்த்து, அதுவும் வாழ்த்து அட்டையில் இருப்பது மாதிரி. கடைசியில் "சரி, போதும், நிறுத்துடி" என்று போனைப் பிடித்திருந்த தன் மகளிடம் சொல்கிறாள். அவள் உடனே நிறுத்தவில்லை. பதிவு ஓடுவது தெரியாமல் சித்தி மகளிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "என் காதைப் பிடிச்சுக்கிட்டு இல்லடி தூங்குவா அவ."

எனக்கு வேண்டியது அதுதான். உடனே கூப்பிட்டேன். "சித்தி, அந்தக் காது விஷயத்தை மட்டும் சொல்லுங்க. வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும். போனைப் பேசுற மாதிரி பக்கத்துல வெச்சுக்கிட்டு எனக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க." இரண்டாவதாக வந்தது இது:

"பாப்பா, மாப்பிள்ளை, சித்தி பேசுறேன். பாப்பா சின்ன வயசுல என் காதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. கையை எடுத்துவிட்டா தூக்கத்துலயே தேடுவா. மாப்பிள்ளை, இனி உங்க காது ஜாக்கிரதை. ரெண்டு பேரும் நல்லா இருங்க."

எண்ணிப் பாருங்கள், 25 சொல்கூட இல்லை. நடுவில் ஒரு சிரிப்போடு 22 விநாடி. எழுதிக்கொடுத்திருந்தால் இது வந்திருக்காது. தாளைப் பார்த்துப் படிப்பவர்களின் கண் கேமராவுக்கும் தாளுக்கும் ஓடுவது திரையில் அப்படியே தெரியும். குரலும் செய்தி வாசிப்பதுபோல ஆகிவிடும். சொல்லப்போகும் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். கடைசி வாக்கியம் தெரியாதவர்தான் "அப்புறம்... வேற என்ன..." என்று இழுப்பார்.

குரல் மட்டும் போதும் என்று சித்தியிடம் சொன்னதைச் சிலர் குறையாக நினைக்கலாம். என் அனுபவத்தில் வயதானவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் குரல்தான் நல்லது. கேமரா முன்னால் தலை வாருவது, சட்டை மாற்றுவது என்று ஒரு நாள் போய்விடும், முகமும் இறுகிவிடும். குரல் பதிவில் அவர்கள் அவர்களாக இருப்பார்கள். தொகுப்பில் அந்த இடத்தில் ஒரு பழைய புகைப்படத்தைப் போட்டுக்கொள்ளலாம். சித்தி குரலுக்கு, அவள் மடியில் பாப்பா தூங்கும் படம் அக்காவின் ஆல்பத்திலேயே கிடைத்தது.

வீடியோதான் எடுப்பேன் என்பவர்களுக்கு மூன்றே விஷயங்கள் சொன்னேன். லென்ஸைத் துணியால் துடையுங்கள், கைரேகை படிந்திருந்தால் படம் முழுக்கப் புகை மூட்டமாக வரும். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். போனைப் படுக்கை வாட்டில், ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளாமல் வையுங்கள். மூன்றாவதில் தூரம் ஏன் என்றால், மைக் போனில்தான் இருக்கிறது. இரண்டு மடங்கு தள்ளிப் போனால் குரல் பாதியாகிவிடும், மின்விசிறிச் சத்தம் மட்டும் குறையாது. அப்புறம் நான் சத்தத்தைக் கூட்டினால் விசிறியும் சேர்ந்து கூடும். மாமா பால்கனியில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஏழெட்டு அடி தள்ளி நின்று பேசியிருந்தார். அழகாக இருந்தார், ஒரு சொல்லும் கேட்கவில்லை. மறுபடி எடுக்கச் சொன்னேன், கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் எடுத்தார்.

அனுப்பும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வீடியோ அனுப்பினால் அது அளவைச் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். போன் திரையில் பார்க்கும்போது தெரியாது. மண்டபத்தின் பெரிய திரையில் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதே வீடியோவை டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே வரும். இதைப் பெரியவர்களிடம் விளக்க முயலாதீர்கள், பக்கத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வெட்டும்போது நான் கவனித்தது முக்கியமாக ஒன்றுதான். ஒவ்வொருவர் குரலும் ஒவ்வோர் அளவில் வரும். சித்தி காதோடு பேசுவதுபோல, அடுத்த ஆள் ஒலிபெருக்கிபோல. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராவிட்டால் மண்டபத்தில் ஒலி பார்ப்பவர் ஒவ்வொரு ஆளுக்கும் குமிழைத் திருகிக்கொண்டிருப்பார். பின்னணி இசையைப் பேச்சுக்கு அடியில் போடவே இல்லை. மண்டபத்தில் ஏற்கெனவே எதிரொலி இருக்கும், அதற்கு மேல் இசையும் சேர்ந்தால் பேச்சு புரியாது. பேசுவதை எழுத்தாகக் கீழே போட்டேன். இரண்டு நாள் வேலை. ஆனால் பின்வரிசையில் இருந்தவர்களும் காது ஜோக்குக்குச் சரியான இடத்தில் சிரித்தார்கள்.

16 பேரும் சேர்ந்து 5 நிமிடம் 20 விநாடிதான் வந்திருக்கும், எல்லாவற்றையும் ஓட்டியிருக்கலாம். ஆனாலும் மண்டபத்தில் ஆறு பேரை மட்டுமே போட்டேன். சிலருடையது ஊருக்கு நடுவே போடுவதற்கானது அல்ல. மாப்பிள்ளையின் அப்பா இறந்து சில வருடம் ஆகிறது. அப்பாவின் நண்பர் ஒருவர், "உங்கப்பா இருந்திருந்தா இன்னைக்கு என்ன பண்ணியிருப்பான்னு எனக்குத் தெரியும்" என்று தொடங்கியிருந்தார். அதை அந்தப் பையன் நானூறு பேர் முன்னால் முதல்முறை கேட்கக் கூடாது. மற்ற பத்துப் பேரிடமும் "இதை அவங்க ரெண்டு பேர் மட்டும் கேக்கறதுக்குத் தரேன், சரியா?" என்று கேட்டேன். ஒருத்தரும் வருத்தப்படவில்லை. இரண்டு பேர் அப்படியானால் வேறு மாதிரி பேசுகிறேன் என்று மறுபடி பதிவு செய்து அனுப்பினார்கள். அந்த இரண்டும்தான் இருப்பதிலேயே நன்றாக இருந்தன என்று பாப்பா பிறகு சொன்னாள். என்ன சொல்லியிருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை (தொகுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும், அது வேறு விஷயம்).

நேரலையில் ஒருவரையாவது கூப்பிடலாமே என்று அக்கா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் நானூறு போன்களும் ஒரே சிக்னலைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும்போது வீடியோ அழைப்பு எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். பாதி நேரம் "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே போகும். முடியாது என்றுவிட்டேன். தொகுப்பை மடிக்கணினியிலேயே இறக்கி வைத்து, அறிவிப்புகளை அணைத்து, முந்தைய நாள் மாலை அதே திரையில், அதே ஒலிபெருக்கியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன், ஒலி ஒரு பக்கம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

சித்தியின் 3 நிமிடம் 40 விநாடிப் பதிவை நான் அழிக்கவில்லை. வெட்டாமல் அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். முழங்கால், டாக்டர், அழுகை எல்லாவற்றோடும். திருமணம் முடிந்த இரவு அக்கா அதை இரண்டு தடவை கேட்டாளாம். உடனே சித்தியைக் கூப்பிட்டாள். அரை மணி நேரம் பேசினார்கள். பெரும்பாலும் முழங்காலைப் பற்றித்தான்.