உருளைக்கிழங்கு ரோஜாவுக்கு வேர் தராது

“ரோஜாக் குச்சியை உருளைக்கிழங்கில் செருகிப் புதைத்தால் போதும், கிழங்கின் ஈரமும் சத்தும் வேர் விட வைத்துவிடும்.”

தவறு. கிழங்கின் சத்தை இழுத்துக்கொள்ள வேரில்லாத குச்சிக்கு வழியில்லை. புதைந்த கிழங்கு அழுகினால் குச்சியையும் அழுக வைக்கும். சில நேரம் உருளைச் செடி முளைக்கும், அதுதான் மிச்சம்.

வேர் உருவாவது குச்சியின் சொந்தச் சேமிப்பிலிருந்து. பூத்து முடிந்த, பென்சில் தடிமனுள்ள தண்டில் சுமார் 15 சென்டிமீட்டர் எடுத்து, அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே 45 பாகைச் சாய்வில் வெட்டுங்கள். சாய்வு வெட்டுப்பரப்பைக் கூட்டும், தலைகீழாக நடாமல் காக்கும். மற்றபடி அதில் மாயம் ஏதுமில்லை. கணுவை ஒட்டி வெட்டுவதே முக்கியம்.

தேங்காய் நார்த்தூளையும் பெர்லைட் என்ற இலேசான வெள்ளைப் பாறைத் துகளையும் சம அளவில் கலந்து நனையுங்கள். கைப்பிடி அளவு எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வடியக்கூடாது. இலை நீரை இழந்துகொண்டே இருக்கும், ஈடுகட்ட வேர் இல்லை. எனவே நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, குச்சியை இந்தக் கலவையில் நட்டு, ஒளி புகும் பையால் மூடி, நேர் வெயில் படாமல் வையுங்கள். பையின் உட்புறம் பனித்திருந்தால் ஈரப்பதம் போதும்.

துளிரைக் கண்டு ஏமாற வேண்டாம். அது சேமிப்பிலிருந்தும் வரும். 4 முதல் 8 வாரங்களில் மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிமானம் இருந்தால் வேர். அடி கறுத்து மெத்தென்றிருந்தால் அழுகல்.