அசோலா: ஈர எடையில் புரதம் எவ்வளவு?

"அசோலாவில் 25% புரதம் இருக்கு. தினமும் 2 கிலோ போட்டா மாட்டுக்குப் புண்ணாக்கே வேண்டாம்."

ஒரு நண்பர் இப்படிச் சொல்கிறார். அசோலா தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணி, கால்நடைக்குத் தீவனம். ஆனால் அந்த 25% காய்ந்த அசோலாவுக்கான கணக்கு, நண்பரே. குழியிலிருந்து அள்ளும் பச்சை அசோலாவில் நூற்றுக்கு 93 பங்கு தண்ணீர்தான். 2 கிலோவைக் காயவைத்தால் 140 கிராம் மிஞ்சும். அதில் புரதம் 35 கிராம். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கிலோ 400 கிராமுக்குக் குறையாது. அதாவது உங்கள் 2 கிலோ அசோலா, இரண்டு கைப்பிடிப் புண்ணாக்குக்குத்தான் ஈடு. கறவை மாட்டுக்குப் புண்ணாக்கை அடியோடு நிறுத்தினால் பால் குறையும், மாடும் இளைக்கும்.

அப்புறம், அந்த 2 கிலோ ஒரே குழியில் வராது. 6க்கு 6 அடிக் குழியில் தார்ப்பாய் விரித்து, சலித்த மண்ணும் சாணிக் கரைசலும் போட்டு நான்கு விரல் உயரம் தண்ணீர் நிறுத்தினால், தினம் அரை கிலோ எடுக்கலாம். ஆக, ஒரு மாட்டுக்கே நான்கு குழி.

ஒரு அக்கா அசோலாவைக் கோழிக்குப் போடுவதாகச் சொன்னார். கொஞ்சமாகத் தின்னும் கோழிக்கு ஒரு குழி தாராளம். ஆனாலும் அதுவே முழுத்தீவனம் ஆகாது. இன்னொருவர் அசோலா சிவந்தது வெயிலால் மட்டும் என்கிறார். பாதி சரி. நிழலிலும் சிவந்து இலை சிறுத்தால் மணிச்சத்துக் குறைவாக இருக்கலாம். கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் கரைத்து விட்டுப் பாருங்கள்.

மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கினால் சாணி வாடைதான் காரணம். நன்றாக அலசி, தவிட்டில் பிசைந்து வையுங்கள்.